சொட்டுச் சொட்டு, கொட்டும் மழை: படப்புத்தகப் பக்கத்தை வாய்க்குத் தமிழாக்குவது

என் தங்கை தன் மகளுக்குத் தூங்கப்போகும் முன் வாசித்துக்காட்டும் ஆங்கிலப் படப்புத்தகங்களை, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். நான் தமிழில் எழுதித் திருப்பி அனுப்புவேன். அவள் அதைத் தாளில் எழுதிப் பக்கத்தின் அடியில் செருகிக்கொள்வாள். எழுதுவது நான், வாசிப்பது அவள், கேட்பது மூன்று வயதுக் குழந்தை. இந்த வேலையில் எனக்குப் பிடிபட்ட ஒரே பெரிய விஷயம், எதை முதலில் முடிவு செய்வது என்கிற வரிசைதான். கதையின் பொருளை முதலில் மொழிபெயர்த்துவிட்டு அப்புறம் ஓசை சேர்க்கலாம் என்று உட்கார்ந்தால் அது கடைசிவரை உரைநடையாகவே இருக்கும். ஓசைச் சொல்லை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டால், மற்ற வரிகளுக்கான எழுத்தை அந்தச் சொல்லே கொடுத்துவிடும். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தில் இரவு, மழை, ஒழுகும் கூரை. ஒரு கரடிக்குட்டி படுக்கையில் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை என்று இரண்டு நிலைகளில் வரையப்பட்டிருக்கிறது. கீழே அச்சில் நாலு வரி. முதல் வரியில் ட்ரிப், ட்ராப், ப்ளிப், ப்ளாப் என்று வெறும் ஓசை. இரண்டாவது வரி, இந்தச் சொட்டல் நிற்கவே நிற்காதா என்று கேட்டு ‘ஸ்டாப்’ என்று முடிகிறது. மூன்றாவது, கரடி இந்தப் பக்கம் உருண்டது, அந்தப் பக்கம் உருண்டது என்று சொல்லி ‘ரைட்’ என்று முடிகிறது. நாலாவது, இன்று ராத்திரி யாரும் தூங்கப் போவதில்லை என்று ‘டுநைட்’டில் முடிகிறது. ப்ளாப் – ஸ்டாப், ரைட் – டுநைட் என இரண்டு ஜோடி இயைபு. இது போக, படத்துக்குள்ளேயே கையால் வரைந்த எழுத்தில் மூன்று ஓசைகள் இருக்கின்றன. தகரப் பெட்டியின் மேல் ‘டிங்’, தண்ணீர் நிறைந்த வாளிக்குள் ‘ப்ளாப்’, கரடியின் மூக்கின் மேல் ‘ஸ்ப்ளாட்’.

முதலில் புகைப்படத்தைப் பற்றி. கைபேசியில் படத்திலிருந்து எழுத்தை நகலெடுக்கும் வசதி, கீழே இருக்கும் அச்சு வரிகளை ஓரளவு சரியாக எடுத்துக் கொடுத்துவிடும். படத்துக்குள் வளைத்தும் சரித்தும் வரைந்த ஓசைச் சொற்களைப் பெரும்பாலும் விட்டுவிடும், அல்லது கன்னாபின்னாவென்று எழுத்தைக் கொட்டும். வரி உடையும் இடங்களும் சில சமயம் போய்விடும், நாலு வரிப் பாட்டு ஒரே பத்தியாக வந்து நிற்கும். இயைபு எங்கே விழுகிறது என்பதே அதில் தெரியாது. அதனால் நான் நகலெடுப்பதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வரி எங்கே உடைகிறதோ அங்கேயே உடைத்துக் கையால் எழுதிக்கொள்வேன். எழுதும்போதே வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வதால் மூலத்தின் தாளமும் பிடிபட்டுவிடும்.

தங்கையிடம் நான் கேட்பது மூன்று. ஃபிளாஷ் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், பளபளப்பான தாளில் ஃபிளாஷ் விழுந்த இடத்தில் எழுத்து வெள்ளையாகிவிடும். இரண்டு பக்கமும் விரிந்த நிலையில் ஒரு படம், பிறகு ஒவ்வொரு பக்கமாக ஒரு படம் வேண்டும், நடுத்தையலின் மடிப்புக்குள் ஒரு சொல் ஒளிந்திருப்பது சாதாரணம். அடுத்த பக்கமும் வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் பலரும் அனுப்பமாட்டார்கள். ‘நிற்கவே நிற்காதா’ என்று இந்தப் பக்கம் கேட்கிறது என்றால், பக்கத்தைத் திருப்பினால் அங்கே ஏதோ நடக்கப்போகிறது. இந்தப் புத்தகத்தில் அதே ட்ரிப் ட்ராப் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வருகிறது, போகப் போக எழுத்து சிறிதாகிறது, கடைசியில் மழை நின்றுவிடுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல் தேர்ந்தெடுத்திருந்தால், கடைசிப் பக்கத்தில் சிறிதாக முடியாத ஒரு சொல்லில் மாட்டியிருப்பேன்.

சரி, ட்ரிப் ட்ராப்புக்குத் தமிழில் என்ன? மழைக்கு நம்மிடம் ஓசைச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சலசல, சடசட, சோவென்று, பிசுபிசுவென்று. ‘சடசட’ நல்ல சொல்தான், ஆனால் அது பெருமழை கூரையில் அடிக்கும் ஓசை. ‘சலசல’ ஓடும் தண்ணீர். இங்கே இருப்பது ஒரு துளி, ஒரு இடைவெளி, இன்னொரு துளி. அதோடு சலசல, சடசட எல்லாம் இரட்டைக்கிளவி. இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. இந்த வேலையில் அது இலக்கணத் தேர்வுக்கான விஷயமாக மட்டும் நின்றுவிடுவதில்லை, கைக்கு உதவும் விஷயமாகவும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஓசை தேய்ந்து ஒற்றையாகிப் போக வேண்டும். ‘சலசல’வைப் பாதியாக்கினால் ‘சல’ என்று ஒன்றும் மிஞ்சாது. ‘சொட்டு’ அப்படி இல்லை. தனியாக நின்றாலும் சொட்டுதான், இரண்டு தடவை சொன்னால் அடுக்குத்தொடர். சொட்டுச் சொட்டு, பிறகு சொட்டு, பிறகு வெறும் சொட். அறுத்தாலும் உயிரோடு இருக்கும். இப்படித் தேய வேண்டிய ஓசைக்கு அடுக்குத்தொடராக வரக்கூடிய சொல்லையும், ஒரே பக்கத்தில் வந்து போகும் ஓசைக்கு இரட்டைக்கிளவியையும் எடுப்பது என் பழக்கம்.

‘சொட்டுச் சொட்டு’ என்று நடுவில் ‘ச்’ போட்டு எழுதினால் வாய் நிற்காமல் ஓடும். ‘சொட்டு, சொட்டு’ என்று காற்புள்ளி வைத்து எழுதினால் அந்த ‘ச்’ தானாகவே போய், துளிக்குத் துளி இடைவெளி வந்துவிடும். மழை பலமாக இருக்கும் பக்கங்களில் அந்த ‘ச்’ சேர்த்தும், ஓயும் பக்கங்களில் காற்புள்ளியால் பிரித்தும் எழுதினேன். மெதுவாக வாசி என்று தங்கைக்குத் தனியாகக் குறிப்பு எழுதவேண்டியிருக்கவில்லை.

இனி இயைபு. ஆங்கிலப் பாட்டில் வரியின் கடைசி ஒத்துப்போவதால் நாமும் கடைசியைத்தான் ஒத்துப்போக வைக்க வேண்டும் என்று தோன்றும். பொருளை அப்படியே தமிழில் இட்டு, கடைசியை மட்டும் கவனித்தால் இப்படி வரும்:

சொட்டுச் சொட்டாய் மழை பெய்தது,
எப்போது நிற்கும் எனத் தெரியாமல் போனது,
கரடி அங்குமிங்கும் உருண்டது,
இரவில் தூக்கம் தொலைந்தது.

நாலு வரியும் ‘அது’வில் முடிகிறது. ஆனாலும் இயைபு கேட்கிறதா? கேட்காது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால், யார் எதைச் சொன்னாலும் வரி ‘அது’, ‘ஆன்’, ‘ஆள்’ என்று ஒரே மாதிரிதான் முடியும். முயற்சியே இல்லாமல் கிடைக்கும் ஒற்றுமையைக் காது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நம் காது பழகியிருப்பது வரியின் தொடக்கத்துக்கு. எதுகையும் மோனையும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் ஆங்கிலத்தில் வரியின் வாலில் இருக்கும் ஒத்திசையை நான் தமிழில் வரியின் தலைக்கு நகர்த்திவிடுவேன்.

எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. அதோடு முதல் எழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கட்டுக்குப் பட்டு சரி, பாட்டு சரியாகாது. இப்போது ‘சொட்டு’ என்று ஓசைச் சொல்லை முடிவு செய்துவிட்டேன் இல்லையா? அதன் இரண்டாம் எழுத்து ‘ட்’. அப்படியானால் எனக்கு வேண்டிய சொற்கள் குறிலில் தொடங்கி ‘ட்ட’ வருபவை. தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன்: கொட்டு, எட்டு, விட்டு, தட்டு, தொட்டு, கட்டில், பெட்டி, குட்டி, சுட்டி, மொட்டு, வட்டம். பட்டியலைப் பார்த்தவுடனேயே பக்கத்தில் இருக்கும் பொருள்கள் கண்ணில் படுகின்றன. கொட்டும் மழை, குட்டிக் கரடி, கட்டில், தகரப் பெட்டி. பாதி வேலை முடிந்தது. இதே இடத்தில் ‘துளி’யை எடுத்திருந்தால் துளி, ஒளி, களி, வெளி, கிளி என்று போயிருக்கும். அழகான சொற்கள்தான், ஆனால் இந்தப் பக்கத்தில் கிளியும் இல்லை, ஒளியும் இல்லை. ஓசைச் சொல் நன்றாக ஒலித்தால் மட்டும் போதாது, அதன் எதுகைக் குடும்பத்தில் அந்தப் படத்திலுள்ள பொருள்கள் சிலவாவது இருக்க வேண்டும். இரண்டு மூன்று ஓசைச் சொற்கள் சமமாகத் தோன்றும்போது நான் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

முதலில் வந்த வடிவத்தில் கடைசி வரி ‘கட்டில் கூட நனைஞ்சு போச்சே’ என்று அமைந்தது. எதுகை பொருந்துகிறது, தாளமும் சரி. ஆனால் படத்தில் கட்டில் நனையவில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியாது, அதனால் படத்தைத்தான் வாசிக்கும். ‘எங்கே நனைஞ்சிருக்கு?’ என்று விரலை வைத்துக் கேட்டுவிட்டால் பாட்டு அங்கேயே நின்றுபோகும். மூலத்தின் வார்த்தையிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் விலகுவேன், படத்திலிருந்து விலகமாட்டேன். அதே காரணத்தால் இடப்பக்கம் வலப்பக்கம் உருளுவதை விட்டுவிடவும் முடியாது, குட்டி இரண்டு இடத்தில் வரையப்பட்டிருக்கிறதே. அதற்கு ஒரு வரி கூடுதலாகவே கொடுத்தேன். நாலு வரி ஐந்தாயிற்று:

சொட்டுச் சொட்டு, சொட்டுச் சொட்டு,
கொட்டும் மழை நிக்கலியே!
குட்டிக் கரடி புரளுது பார்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
எட்டிப் போச்சு தூக்கம் எல்லாம்!

நாலாவது வரியில் எதுகை இல்லை. அது வேண்டுமென்றே விட்டது. வாசிப்பவரின் குரலும் உடம்பும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும்போது, ‘பக்கம்’ திரும்ப வருவதே போதும். எல்லா வரியிலும் எதுகையைத் திணித்தால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

தாளத்தைக் கை தட்டித்தான் பார்க்கிறேன். ஆங்கிலக் குழந்தைப் பாட்டு வரியில் பெரும்பாலும் நாலு அழுத்தம் விழும். தமிழிலும் நாலு சீர் கொண்ட வரி காதுக்கு மிகவும் பழகியது, அதனால் இங்கே மொழிகளுக்குள் சண்டை இல்லை. சொட்டுச் / சொட்டு / சொட்டுச் / சொட்டு என்று நாலு தட்டு. குட்டிக் / கரடி / புரளுது / பார் என்று நாலு. ‘புரளுது’ கொஞ்சம் நெரிசல், ஆனால் அடுத்து வரும் ‘பார்’ நெடிலாக ஒற்றை எழுத்துப் போல் நின்று இடம் கொடுத்துவிடுகிறது. ஒரு சீர் நெரிந்தால் அதற்கு அடுத்தது தளர்வாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் வாய் தடுக்காது. இரண்டு நெரிசலான சீர்கள் அடுத்தடுத்து வந்தால் அந்த வரியில் எவரும் தடுமாறுவார்கள்.

‘நிக்கலியே’, ‘போச்சு’ என்று பேச்சுத் தமிழில் எழுதியதற்கும் தாளம்தான் காரணம். ‘நிற்கவில்லையே’, ‘போய்விட்டது’ என்று எழுதிக் கொடுத்தால், வாசிப்பவர் அதைப் பேச்சு வழக்குக்கு அந்த நொடியிலேயே மாற்றப் பார்ப்பார். குழந்தையிடம் யாரும் ‘நிற்கவில்லை’ என்று சொல்லமாட்டார்கள். மாற்றும்போது அசை குறையும், கை தட்டு தவறும். அதனால் வாயில் எப்படி வருமோ அப்படியே எழுதிவிடுகிறேன். என் தங்கை ‘நிக்கலயே’ என்பாள், நான் ‘நிக்கலியே’ என்பேன். அது பரவாயில்லை, அசைக் கணக்கு ஒன்றுதான். இடைப்பட்ட கதை வரிகளில் ஓசை இல்லாவிட்டால் எழுத்துத் தமிழே கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டையும் ஒரே வரியில் கலக்காமல் பார்த்துக்கொள்வேன்.

படத்துக்குள் இருந்த மூன்று ஓசைகளுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் படப்புத்தகத் தமிழாக்கத்தில் இதுதான் ருசியான பகுதி. தமிழ் ஓசைச் சொற்களைக் கூர்ந்து கேட்டால் ஒன்று தெரியும். சொல்லின் தொடக்கம் எது எதில் மோதியது என்பதைச் சொல்கிறது, முடிவு அந்த ஓசை எப்படி அடங்கியது என்பதைச் சொல்கிறது. ‘ங்’, ‘ம்’ என்று முடிந்தால் ஓசை மோதிய பிறகும் நீள்கிறது: டிங், ணங், டம். உலோகத்துக்கும் மணிக்கும் இது பொருந்தும். ‘க்’, ‘ப்’, ‘த்’ என்று முடிந்தால் ஓசை அங்கேயே வெட்டுப்படுகிறது: டொக், தொப், பொத். மரம், மண், மெத்தை எல்லாம் இதில் வரும். ‘ர்’ வந்தால் அதிர்வு அல்லது வெடிப்பு: படார், டமார், விர். உயிரெழுத்தும் அளவைச் சொல்லும். ‘டிங்’ சின்ன மணி, ‘டாங்’ பெரிய மணி. ட்ரிப்புக்குப் பிறகு ட்ராப் வருவதும் இதே போல இகரம் முதலில், அகலமான உயிர் அடுத்ததாக என்ற வரிசைதான். டிக் டாக்கை மாற்றி டாக் டிக் என்று சொல்லிப்பாருங்கள், வாய் ஒத்துழைக்காது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் தகரப் பெட்டியின் ‘டிங்’கை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. தமிழ்க் காதுக்கும் சின்னத் தகரம் டிங்தான். மொழிபெயர்க்கிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வாளியின் ‘ப்ளாப்’ சிக்கல். ப்ள, ட்ர, ஸ்ப்ள என்று மெய்கள் ஒட்டிக்கொண்டு தொடங்கும் சொல்லைத் தமிழ் வாய் நடுவில் ஒரு உகரமோ இகரமோ சேர்த்துப் பிரித்துவிடும். ‘ப்ளக்’ என்று எழுதினாலும் ‘புளக்’ என்றுதான் வரும். எப்படியும் வரப்போவதை நானே எழுதிவிடுகிறேன் என்று ‘புளக்’ என்றே எழுதினேன். இது அகராதியில் இருக்கிறதா என்று தேடவில்லை. ஓசைச் சொல்லுக்கு வாயும் காதும் ஒப்புக்கொண்டால் போதும். டகரமும் ணகரமும் தமிழில் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது என்பது விதி. டமாரும் ணங்கும் அந்த விதியைக் கேட்டுக்கொண்டா பிறந்தன?

மூக்கின் மேல் விழும் ‘ஸ்ப்ளாட்’டுக்கு ‘சொத்’ என்று வைத்தேன். ஈரமான ஏதோ மெத்தென்ற இடத்தில் விழும் ஓசை. ‘சொட்டு’வோடு முதல் எழுத்து ஒன்றிப் போவதால் மோனையும் கிடைத்துவிட்டது. இங்கே ஒரு விஷயம். ‘மூக்கு மேலே சொத்தென்று விழுந்தது’ என்று எழுதினால் தமிழ் வாக்கியம் சரிதான், ஆனால் ‘என்று’ வந்து ஒட்டிக்கொண்டதும் ஓசை மழுங்கிவிடுகிறது. அதோடு வாக்கியம் வினையில் முடிவதால் குழந்தை சேர்ந்து சொல்ல இடமில்லை. குழந்தைகள் வரியின் கடைசிச் சொல்லைத்தான் பிடுங்கிச் சொல்வார்கள். அதனால் வரிசையை மாற்றி, ஓசையைக் கடைசியில் தனியாக நிறுத்தினேன்: ‘மூக்கு மேலே விழுந்துச்சு பார்... சொத்!’ தங்கை ‘பார்’ என்று நிறுத்திக் காத்திருப்பாள், மகள் ‘சொத்!’ என்று கத்துவாள். பேச்சிலும் நாம் இப்படி வினைக்குப் பின் சொல்வது உண்டு என்பதால் செயற்கையாகத் தெரியாது. அச்சு வரிகளின் கீழே, படத்துக்குள் இருக்கும் ஓசைகளை இடத்தோடு சேர்த்துத் தனியாக எழுதி அனுப்பினேன். ‘பெட்டி: டிங். வாளி: புளக். மூக்கு: சொத்.’ வாசிப்பவர் விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லலாம், அவசரமாகத் தூங்க வைக்க வேண்டிய நாளில் விட்டும் விடலாம்.

இதே புத்தகத்தில் இடி இடிக்கும் பக்கம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அது ‘பூம்’ என்று தொடங்கும். தமிழ் எழுத்தில் வல்லெழுத்துக்கு மெலிந்த ஒலி, அழுத்த ஒலி என்று இரண்டு வடிவம் கிடையாது. எழுதியவர் மனதில் நினைத்த ஒலி வாசிப்பவருக்குத் தெரிய வழியில்லை. தங்கை அதைப் ‘பூ’வில் வரும் பகரத்தோடு வாசிக்க, இடி பூப்போல இறங்கியது. எழுதுபவரே வாசிப்பதானால் இது பிரச்சினை ஆகாது. வேறு ஒருவர் வாசிக்கப்போகிறார் என்றால், எப்படி வாசித்தாலும் கெட்டுப்போகாத சொல்லாக எடுக்க வேண்டும். ‘கடமுட கடமுட’ என்று மாற்றினேன். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. ‘டமார்’ என்றால் குழந்தை துள்ளி எழுந்துவிடும். கடமுட தூரத்தில் உருளும் இடி, பயம் குறைவு. பகல் நேரத்துப் புத்தகமாக இருந்தால் டமாரையே வைத்திருப்பேன்.

பொருளே இல்லாத விளையாட்டுச் சொற்கள் வரும் இடங்களில் நான் அதிகம் யோசிப்பதில்லை. தமிழில் எந்தச் சொல்லுக்கும் ‘கி’ போட்டு ஒரு எதிரொலி செய்துவிடலாம்: மழை கிழை, கரடி கிரடி, வாளி கீளி. தயாராக இருக்கும் ஜோடிகளும் நிறைய: தாறுமாறு, இசகுபிசகு, ஏடாகூடம். ஆங்கிலத்தில் சாமான்கள் ஆடிச் சரிவதற்கு ஏதோ ஒரு கற்பனைச் சொல் இருந்தது, ‘லொடலொட’ அங்கே ஒட்டிக்கொண்டது.

கடைசிப் பக்கத்துக்கு மட்டும் என் முறையை நானே மாற்றிக்கொண்டேன். மழை நின்று, கரடி தூங்கும் பக்கம். இங்கே எதுகையின் துள்ளல் வேண்டாம். குழந்தையின் மூச்சு மெதுவாக வேண்டும், அதற்கு நெடில் வேண்டும், ‘ம்’ வேண்டும். தாலாட்டில் ஆராரோ, தாலேலோ என்று நெட்டெழுத்துகளாக வருவது இதற்குத்தான். கதை சொல்லும்போது நாம் ‘இருந்தாராம்’, ‘போனாராம்’ என்று ஒரு ‘ஆம்’ சேர்ப்போம் இல்லையா? அது நெடில், ‘ம்’ இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறது. வரியின் கடைசியில் வைத்தால் இயைபும் ஆகிறது. ‘அது’ போல் காதில் விழாமல் போகாது, ஏனென்றால் குரல் அதன் மேல் நீள்கிறது:

மேகம் எல்லாம் போயாச்சாம்,
ஈரம் மெல்லக் காயுதாம்,
சொட்டும் கூட ஓய்ந்ததாம்,
குட்டிக் கரடி தூங்குதாம்.

ஒவ்வொரு வரியிலும் நாலாவது தட்டு ‘ஆம்’ மேல் விழுகிறது. ‘ஓய்ந்ததாம்’ கொஞ்சம் எழுத்துத் தமிழ். ‘ஓஞ்சுதாம்’ என்று எழுதியும் பார்த்தேன். ‘ஞ்சு’வில் நாக்கு இறுகுகிறது, ‘ந்த’வில் இறுகவில்லை. அதனால் அப்படியே விட்டேன். இந்த வரிகளில் ட, ற போன்ற முரட்டு ஒலிகள் முதல் இரண்டில் இல்லை. மூன்றாவதிலும் நாலாவதிலும் சொட்டும் குட்டியும் திரும்ப வந்தாக வேண்டும், குழந்தை அவற்றைத் தேடும். தாளில் இதற்கு முன்னால் ‘சொட்டு... சொட்...’ என்று மட்டும் ஒரு வரி வைத்து, அதற்குக் கீழே ஒரு வெற்று வரி விட்டேன். வெற்று வரி இருந்தால் வாசிப்பவர் மூச்சு எடுப்பார்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்கும் விதம் எளிது. எழுதியவர் வாசித்துப் பார்ப்பதில் பயனில்லை, தாளம் ஏற்கெனவே தலையில் ஓடிக்கொண்டிருக்கும். தங்கையிடம் அனுப்பி, முன்பே பார்க்காமல் முதல்முறையே உரக்க வாசித்துக் குரல் பதிவாக அனுப்பச் சொல்வேன். மகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வேன், காரணம் பிறகு சொல்கிறேன். பதிவைக் கேட்கும்போது மூன்று இடங்களைக் குறித்துக்கொள்வேன். வரியின் நடுவில் அவள் நின்று பின்னால் போய்த் தொடங்கினால் அங்கே சீர் நெரிகிறது. அவளாகவே ‘ன்னு’ சேர்த்துக்கொண்டால் ஓசைச் சொல் தனியாக நிற்க வலுவில்லாமல் இருக்கிறது. குரல் திடீரென்று பாடம் வாசிப்பது போல் தட்டையானால் அங்கே எழுத்துத் தமிழ் புகுந்திருக்கிறது. கரடிப் பக்கத்தில் ‘எட்டிப் போச்சு’ என்ற இடத்தில் அவள் கொஞ்சம் யோசித்தாள். “தூக்கம் எட்டிப் போச்சுன்னா தூரமாப் போச்சுன்னுதானே அக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொருளில் ஒரு நொடித் தயக்கம் இருந்தாலும் வாய் தடுக்கவில்லை என்பதால் மாற்றவில்லை. வாய் தடுக்கியிருந்தால் எவ்வளவு நல்ல சொல்லாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

மகள் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றதற்குக் காரணம் இதுதான். ஒரு வடிவத்தை ஒரே ஒருமுறை கேட்டுவிட்டாலும், சில குழந்தைகளுக்கு அதுதான் புத்தகம். வேறு ஒரு கதையில் வாத்தின் ஓசையை ‘குவாக்’கிலிருந்து ‘பேக் பேக்’ என்று பின்னால் மாற்றிப் பார்த்தோம். “அது அப்படிச் சொல்லாது” என்று புத்தகத்தை மூடிவிட்டாள். அதனால் இப்போதெல்லாம் திருத்தம் எல்லாம் முடிந்து, தங்கை தடுமாறாமல் வாசிக்கும் வடிவம் கைக்கு வந்த பிறகுதான் அது படுக்கையறைக்குப் போகிறது. அதுவரை ஆங்கிலப் புத்தகத்தின் படங்களை மட்டும் காட்டிக் கதையைச் சும்மா சொல்லிக்கொண்டிருப்பாள்.